ஐந்தை மறுத்த வருஷம்

வருடாந்த வேலை மதிப்பீட்டில் எனக்கு முதன்முதலாக ஐந்துக்கு ஐந்து கிடைத்த வருஷம், கிளை முழுவதற்கும் றோல்ஸும் கேக்கும் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருஷமும் ஐந்து. கேக் மட்டும் வாங்கினேன். அதற்கடுத்த வருஷம் மெக்கானிக்மார் சுற்றி நின்று, “என்ன, இந்தமுறை ஒண்டுமில்லையோ?” என்று கேட்டார்கள். “ஐஞ்சு கிடைக்காத ஆராவது வாங்கித் தாங்கோ” என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

படகு எஞ்சின் விற்கிற ஒரு நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளையில் நான் சேவை ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் நீளம். எஞ்சின் பழுதென்று வருகிறவர்களுக்கு வரிசை போட்டுக் கொடுப்பது, எந்த மெக்கானிக் எந்தக் கரைக்குப் போவது என்று பிரித்து விடுவது, வாரண்டிக் கோரிக்கைகளைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது, அங்கிருந்து அவை திரும்பி வந்தால் சண்டை போடுவது, இவ்வளவும்தான் வேலை. குருநகரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால், கடலுக்குப் போக முடியாமல் நிற்கிறவன் எப்படிக் கத்துவான் என்று எனக்குத் தெரியும். கத்தி முடியும்வரை பொறுத்திருப்பேன். முடிந்ததும் தேத்தண்ணி கொடுப்பேன்.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் கிளையின் வாரண்டிக் கோரிக்கைகள் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தன. எஞ்சின் வாங்கியவர்கள் முதற் சேவைக்கு வருவதில்லை. அது செய்யாவிட்டால் வாரண்டி செல்லாது. ஓடுகிற எஞ்சினை ஏன் கழற்ற வேண்டும் என்பது அவர்கள் நியாயம். வாங்கியவர்களுக்கு நான் தொலைபேசி எடுக்கவில்லை, அவர்களுடைய மனைவிமாருக்கு எடுத்தேன். எந்தக் கோயில் திருநாளுக்கு எந்தக் கரை தொழிலுக்குப் போகாது என்று பார்த்து, அந்த நாளில் மெக்கானிக்கை அந்தக் கரைக்கே அனுப்பினேன். கோரிக்கைகள் திரும்பி வருவது குறைந்தது. பிறகு வவுனியா, மன்னார்க் கிளைகளில் இருந்தும் என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். வவுனியாவில் என்னைப் போலவே மேசையில் இருந்த ஒரு தம்பிக்கு, ஒரு கோரிக்கையை எப்படி எழுத வேண்டும், பழுதை எந்தப் பக்கத்தில் இருந்து படம் எடுக்க வேண்டும் என்று தொலைபேசியில் படிப்பித்தேன். அவன் கெட்டிக்காரன். கேட்டதையே திரும்பக் கேட்க மாட்டான்.

இதெல்லாம் நடந்து முடிந்து வருஷங்கள் ஆகின்றன. அதுதான் பிரச்சினை. செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே மேசையில் இருந்து அதே இலக்குகளைத் தாண்டிக்கொண்டிருந்தேன். மேலே போக என்ன இருக்கிறது என்று பார்த்தால், எங்கள் கிளையில் எனக்கு மேலே மனேஜர். அவருக்கு மேலே கூரை. சேவைப் பிரிவில் அடுத்த பதவி என்றால் வடக்கு கிழக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரேயொரு பிராந்திய சேவை மனேஜர், அவர் இருப்பது திருகோணமலையில். என் தரத்துக்குரிய சம்பளப் படிகளின் உச்சியை நான் எப்போதோ தொட்டுவிட்டேன். ஐந்து கிடைத்தாலும் படி ஏறாது. ஒரு தடவைக் கொடுப்பனவும், மனேஜரின் கைகுலுக்கலும் கிடைக்கும்.

மனேஜர் நாதஸ்வரத்துக்குப் பேர்போன அளவெட்டிக்காரர். கூட்டத்தில் கதைக்கத் தொடங்கினால் ஆலாபனை முடியவே நேரம் காணாது. ஆனால் கெட்ட மனிதர் என்று அப்போது யாரும் சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்தபோது கேட்காமலே லீவு தந்தவர். என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு வருஷமும் கிளைகளின் மதிப்பீடுகளைக் கொழும்பில் வைத்துச் சமப்படுத்துவார்கள். ஐந்து என்பது அள்ளி வீசுகிற பொருள் அல்ல, ஒரு கிளைக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. அங்கே போய் எனக்காக வாதாடி அந்த ஐந்தைக் கொண்டு வருகிறவர் அவர்தான். வந்து சொல்லுவார்:

“மற்றக் கிளைக்காரர் எல்லாரும் சண்டை. நான் விடேல்லை. என்ரை பிள்ளைக்கு நாலு போட்டா நான் எழும்பிப் போவன் எண்டு சொல்லிப்போட்டன்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். மடச்சி நான்.

மதிப்பீட்டுக் கூட்டத்தில் எதிர்கால விருப்பம் பற்றி ஒரு கட்டம் வரும். மேலே போக விருப்பமா, வேறு மாவட்டத்துக்குப் போவீர்களா என்று மனேஜர் கேட்க வேண்டும், கேட்டுப் பதிய வேண்டும். அந்தக் கட்டம் வந்ததும் அவர் கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கதையை மாற்றுவார். மூன்றாவது ஐந்தின்போது நானே கேட்டேன்.

“சேர், எனக்கு இந்த வேலை காணாது. மேலை ஏதும் இருக்கே?”

“இஞ்சை கதிரை எங்கை பிள்ளை? என்ரை கதிரைதான் இருக்கு. நான் எழும்பினா நீர் இருக்கலாம்.”

“திருகோணமலையிலை இருக்கிறவர் ஓய்வுக்குப் போறாராம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஓம், நானும் கேள்விப்பட்டனான். பாப்பம். நான் உம்மடை பேரைத்தான் குடுப்பன். வேறை ஆற்றை பேரைக் குடுக்கிறது?”

அந்தப் பதவிக்கு வெளியே விளம்பரம் போடுவதில்லை. கிளை மனேஜர்கள் தங்கள் ஆட்களின் பெயரைச் சொல்வார்கள், அதில் இருந்து எடுப்பார்கள். ஆகவே மனேஜர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நம்பி நான் பல மாதங்கள் இருந்தேன். திருகோணமலையில் வாடகை வீடு எப்படி, வார இறுதியில் வந்துபோக பஸ் எப்படி என்று பார்த்துவைத்தேன். வீட்டில் சொல்லவில்லை. கிடைத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். பணத்துக்காக இல்லை. காலையில் எழும்பும்போது இன்றைக்கு என்ன செய்வது என்று ஒரு தரமாவது யோசிக்க வேண்டியிருந்தால் போதும் என்றிருந்தது.

பதவி வவுனியாத் தம்பிக்குக் கிடைத்தது.

மனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முகத்தை அப்படித் தொங்கவிட்டிருந்தார். “கொழும்பிலை அவங்கள் முடிவெடுக்கிறது பிள்ளை. நான் உம்மடை பேரைக் குடுத்தனான். என்ன செய்யிறது? பொம்பிளைப் பிள்ளை எண்டு யோசிச்சாங்களோ என்னவோ.” பிறகு தன் சாப்பாட்டுப் பாசலைப் பிரித்து, அதில் இருந்த பெரிய மீன்துண்டை எனக்கு வைத்தார். நான் அதைச் சாப்பிட்டேன். அவரைப் பார்க்கத்தான் எனக்குப் பாவமாக இருந்தது. எனக்காக இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று கொழும்பைத் திட்டித் தீர்த்தேன்.

தம்பிக்கு எடுத்து வாழ்த்துச் சொன்னேன். குரல் கொஞ்சம் பிசகியிருக்கலாம். அவன் கவனித்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

சில மாதம் கழித்து அவன் பிராந்திய சேவை மனேஜராக எங்கள் கிளையைப் பார்க்க வந்தான். புதுச் சப்பாத்து, புதுத் தலைவெட்டு. மெக்கானிக்மாரோடு கதைத்து, களஞ்சியம் பார்த்து, கடைசியில் என் மேசைக்கு வந்து வாடிக்கையாளர் இருக்கிற கதிரையில் இருந்தான். மற்றவர்கள் கேட்காத குரலில் சொன்னான்:

“அக்கா, உங்களை நான் வாழ்க்கையிலை மறக்கமாட்டன். நீங்கள் வேண்டாமெண்டு சொன்னபடியால்தானே எனக்கு இது கிடைச்சது.”

“நான் என்னத்தை வேண்டாமெண்டனான்?”

“இந்தப் பதவியைத்தான். உங்களைத்தான் முதல் யோசிச்சவையாம். நீங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வரமாட்டியள், வீட்டிலை வசதியில்லை எண்டு உங்கடை மனேஜர் சொன்னவராம். நேர்முகத்திலை எனக்கே சொன்னவை.”

அந்த நேரம் பார்த்து ஒரு பாசையூர் ஐயா எஞ்சின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். நான் அவருக்கு வரிசை எழுதிக் கொடுத்தேன். கை தன்பாட்டில் எழுதியது. தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன செய்துவிட்டோம் என்று விளங்கியவனாக எழும்பினான். “அக்கா, நான் சொன்னது எண்டு தெரியவேண்டாம்” என்றான். அவனுக்கு முதல் வந்த யோசனை அது.

அவன் போன பிறகு நான் மனேஜரின் அறைக்குப் போனேன். தட்டவில்லை.

“சேர், நான் எப்ப வேண்டாமெண்டு சொன்னனான்?”

அவர் முதலில் எந்தச் சாமான் விஷயம் என்பதுபோல் பார்த்தார். பிறகு விளங்கியது. மறுப்பார், மழுப்புவார் என்று நினைத்து, வந்த வேகத்திலேயே அதற்கெல்லாம் மறுமொழி வைத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு நல்ல காரியம் வெளியே தெரிந்துவிட்டவர் போலத்தான் இருந்தார்.

“வீட்டிலை கேட்டனான் பிள்ளை.”

“எந்த வீட்டிலை?”

“உம்மடை அண்ணையைக் கேட்டனான். எஞ்சின் சேவைக்கு வந்தவர், அப்ப கேட்டன். ஒரு பொம்பிளைப் பிள்ளையை இவ்வளவு தூரம் அனுப்பிறதெண்டால் வீட்டுக்காரரைக் கேளாமல் எப்பிடி நான் பேரைக் குடுக்கிறது? நாளைக்கு ஒரு கதை வந்தா எனக்குத்தானே பழி. அவர் சொன்னார், தங்கச்சி போகமாட்டாள், அம்மா தனிய எண்டு. அதோடை விட்டிட்டன்.”

“பிறகு ஏன் என்ரை பேரைக் குடுத்தனான் எண்டு சொன்னனீங்கள்?”

“உமக்கு மனம் நோகக்கூடாதெண்டுதான்.”

என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள்கூட இப்படிச் செய்யவில்லை. அவர்கள் அண்ணையிடம் கேட்ட பிறகு ஒரு தரமாவது என்னிடமும் கேட்டார்கள், நான் வேண்டாம் என்றேன், போய்விட்டார்கள். இங்கே என்னுடைய வேலை விஷயத்தில் இரண்டு ஆம்பிளைகள் எஞ்சினுக்கு மேல் குனிந்து நின்று கதைத்து முடித்துவிட்டார்கள். நான் பத்தடி தூரத்தில் இருந்திருப்பேன். அண்ணைக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருப்பேன்.

“நீர் போனா இந்தக் கிளை என்ன ஆகிறது?” என்று மனேஜர் மெல்லச் சொன்னார். அது ஒன்றுதான் அன்றைக்கு அவர் சொன்னதில் உண்மை. எங்கள் கிளை சேவையில் முதலிடம் என்று வருஷா வருஷம் கொழும்பில் மாலை வாங்குகிறவர் அவர். எனக்கு ஐந்து தருவதும், என்னை வேறு எங்கும் தராமல் வைத்திருப்பதும் அவருக்கு ஒரே வேலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஐந்துகளை நான் நன்றி சொல்லிச் சொல்லி வாங்கியிருந்தேன்.

பின்னேரம் நேரே அண்ணையிடம் போனேன். கரையில் படகை ஏற்றிவிட்டு, எஞ்சினை நல்லதண்ணிப் பீப்பாயில் விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். உப்புக் கழுவ வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். சத்தத்தில் கேட்காது என்று நானே போய் எஞ்சினை நிற்பாட்டினேன்.

“மனேஜர் உங்களைத் திருகோணமலையைப் பற்றிக் கேட்டவரே?”

“ஓம், எப்பவோ கேட்டவர்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லி என்ன? நீ போறதெண்டு வெளிக்கிடுவாய். அம்மாவை ஆர் பாக்கிறது? மச்சாளுக்குப் பிள்ளையளோடை ஏலாது.” பிறகு, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல், “அந்தாள் நல்ல மனிசன். எங்களுக்கு எவ்வளவு செய்யிறவர். என்ரை எஞ்சின் வந்தா ஒருநாளும் காத்திருக்க விட்டதில்லை.”

அது உண்மை. அண்ணையின் எஞ்சின் வந்தால் வரிசையில் நிற்காது. மனேஜர் வெளியே வந்து, “எங்கடை பிள்ளையின்ரை அண்ணையின்ரை, முதல் எடுங்கோ” என்பார். அது எனக்குக் கிடைத்த மரியாதை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஒருவரும் பேரம் பேசவில்லை, அது எனக்குத் தெரியும். பேரம் பேச வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை.

வீட்டில் அம்மா றால் உரித்துக்கொண்டிருந்தா. உங்களைச் சாட்டித்தான் எல்லாம் நடந்திருக்கிறது என்று சொன்னேன். அம்மா கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தா.

“என்னை ஒருத்தரும் கேக்கேல்லை” என்றா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவையாவது கட்டிப்பிடிக்கலாம் என்று கிட்டப் போனேன். அம்மா அடுத்த றாலை எடுத்து, தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னா:

“கேட்டிருந்தா நானும் போகவேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பன்.”

நான் போய்க் குளித்தேன். வேறு என்ன செய்வது.

அந்த வருஷ மதிப்பீடும் வந்தது. மனேஜர் வழமைபோல் கொழும்பில் வாதாடி ஐந்தைக் கொண்டுவந்தார். எங்கள் கணினியில் மதிப்பீட்டைப் பார்த்த பிறகு, ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று ஊழியர் அழுத்த வேண்டும். மறுத்தால் மனேஜரைத் தாண்டி அடுத்த நிலையில் இருப்பவரும் மனிதவளப் பிரிவும் சேர்ந்து விசாரிக்க வேண்டும் என்பது விதி. இரண்டும் மூன்றும் வாங்கியவர்களுக்காக வைத்த வழி அது. ஐந்து வாங்கியவர் யாரும் அதை நினைத்தும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் மனேஜரின் தலைக்கு மேலால் கொழும்போடு கதைக்க எனக்கு இருந்த ஒரே கதவு அதுதான்.

மறுக்கிறேன் என்பதை அழுத்தினேன்.

முதலில் மனிதவளப் பிரிவில் இருந்து, தவறுதலாக அழுத்திவிட்டீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மெக்கானிக்மார் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் கதைத்தார்கள். அவர்களில் ஒருவன், வேண்டாமென்றால் அந்த ஐந்தைத் தனக்குத் தரச் சொன்னான். மனேஜர் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். அவர்தான் ஏமாற்றப்பட்டவர் போல நடந்தார்.

விசாரணை காணொளியில். மனேஜரின் அறையில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்தில். திரையில் கொழும்பில் இருந்து மனிதவளப் பிரிவு அம்மா, திருகோணமலையில் இருந்து தம்பி. சேவைப் பிரிவில் அடுத்த நிலை அவன்தானே. நான் படிப்பித்தவன் என்னை விசாரிக்க இருந்தான்.

“மிஸ், குறைவாப் போட்டிட்டாங்க என்றுதான் எல்லாரும் வருவாங்க. உங்களுக்கு இதுக்கு மேல போட எங்களிட்ட ஒன்றும் இல்லையே?” என்றார் அந்த அம்மா. நல்ல மாதிரிதான் கேட்டார்.

நான் இரவெல்லாம் பாடமாக்கி வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்:

“மிஸ், ஒவ்வொரு வருஷமும் ஐஞ்சு எடுக்கிற வேலையிலை ஒரு ஆளை வைச்சிருக்கிறது சரியே? எனக்கு மூண்டு எடுக்கக்கூடிய வேலை ஒண்டு தாங்கோ. பிழை விட்டுப் பழகிற வேலை. அதுதான் நான் கேக்கிறது.”

அந்த அம்மா கோப்பைப் பார்த்தார். “ஆனா நீங்க வெளி மாவட்டத்துக்குப் போகச் சம்மதமில்லை என்று இருக்கே.”

“என்னைக் கேக்கேல்லை மிஸ். வீட்டிலை கேட்டவை.”

“வீட்டில என்றால்?”

மனேஜர் தொண்டையைச் செருமினார். தனக்குத் தெரிந்த நியாயத்தைத் தெரியாதவர்களுக்கு விளங்கப்படுத்துகிற தோரணையில் ஆலாபனையைத் தொடங்கினார். “மிஸ், இஞ்சை எங்கடை பக்கத்திலை ஒரு மரியாதை இருக்கு. பொம்பிளைப் பிள்ளையின்ரை விஷயமெண்டா முதல் அவையின்ரை வீட்டு ஆம்பிளையைத்தான்…” அந்த அம்மா கையை உயர்த்தி அவரை நிற்பாட்டினார். எனக்கு ஒரு கணம் உலகம் நேராகிவிடும் போல் இருந்தது.

அவர் தம்பியிடம் திரும்பினார். “இவ விருப்பமா இருந்த விஷயம் உங்களுக்குத் தெரியுமா?”

தம்பி திரைக்குள் இருந்து என்னைப் பார்த்தான். பிறகு எங்கோ கீழே பார்த்தான்.

“எனக்கு அதைப்பற்றித் தெரியாது மிஸ்” என்றான்.

மனேஜர் செய்ததில் வந்தது கோபம். அண்ணை செய்ததில் வந்தது கொதிப்பு. ஆனால் இவனுடைய அந்த ஒரு வாக்கியம் வேறு. அது எனக்கு எங்கே பட்டது என்று இன்றைக்கும் தொட்டுக் காட்ட முடியும். நான் என் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னோடு முதன்முதலாகக் கதைத்த நாளில், “அக்கா, நான் பிழையா எழுதினா ஏசுங்கோ” என்று சொன்னது நினைவுக்கு வந்தது. நான் அவனை ஒருநாளும் ஏசியதில்லை.

முடிவு ஒரு மாதம் கழித்து வந்தது. மதிப்பீடு ஐந்து, மாற்றமில்லை. வெளி மாவட்டத்துக்குப் போகச் சம்மதம் என்று திருத்திப் பதிந்தாயிற்று. ஆனால் போவதற்குப் பதவி இல்லை, இருந்த ஒன்றில் ஆள் இருக்கிறார், வெற்றிடம் வந்தால் கவனிக்கப்படும். என்னுடைய சேவையைப் பாராட்டி இனிமேல் நான் சிரேஷ்ட சேவை ஒருங்கிணைப்பாளர். மேசை அதே மேசை, படியும் அதே படி. மனேஜருக்கு என்ன சொன்னார்கள் என்று தெரியாது. எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வருஷமும் மாலை அவருக்குத்தான்.

அண்ணையின் எஞ்சின் அதற்குப் பிறகு பழுதாகி வந்தது. நண்டு நல்ல விலை போன நேரம். இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு வந்து, பழக்கப்படி வரிசையைத் தாண்டி நேரே பட்டறை வாசலில் வைத்தார். நான் கூப்பிட்டேன்.

“அண்ணை, இஞ்சை வாங்கோ. வரிசை எழுதவேணும்.”

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் வரிசைத் துண்டை எழுதினேன். பாசையூர்க்காரர், நாவாந்துறைக்காரர் எல்லாருக்கும் பிறகு அவருடையது.

“இது எப்ப முடியிறது?”

“மூண்டு நாள் ஆகும்.”

“எனக்கு நாளைக்குக் கடலுக்குப் போகவேணும் எல்லே?”

“இவை எல்லாருக்கும் போகவேணும்தான்.”

சத்தம் கேட்டு மனேஜர் அறையில் இருந்து வந்தார். “என்ன பிள்ளை, அண்ணையின்ரையை முதல்…” என்று தொடங்கினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் முடிக்கவில்லை. தொலைபேசி அடிப்பதுபோல் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அதில் சந்தோசம் ஒன்றும் வரவில்லை. அண்ணை கடலுக்குப் போகாத நாளில் அம்மாவின் அடுப்பிலும்தான் கறி குறையும். மச்சாள் கோபிப்பா. இதெல்லாம் தெரிந்துதான் எழுதினேன்.

அண்ணை என் மேசைக்கு முன்னால் நின்றார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது, சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கினால் சிவப்பதுபோல். எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்:

“இந்த லட்சணத்துக்கு நீ திருகோணமலைக்கே போய்த் துலைஞ்சிருக்கலாம்.”

அவர் தாங்கமுடியாமல்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் வீட்டில் ஒருவர் வாயைத் திறந்து என்னைப் போ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவருடைய துண்டை மேசையில் அவர் பக்கமாகத் தள்ளினேன்.

“அதைத்தான் அண்ணை, அண்டைக்கு மனேஜர் கேக்கேக்கை சொல்லியிருக்கலாம்.”

அவர் துண்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம், கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.